லைனில் போன் கூடாது என்றால் வீட்டு அழைப்பு எப்படி வந்து சேரும்? ஷூ கம்பெனிகளுக்கான கேள்வி பதில்

"லைனுக்குள் போன் கொண்டுவரக் கூடாதுன்னு கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டினா போதாதா?"

போதாது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து ஷூ கம்பெனிகளில் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடியாத்தம், மாதனூர் பக்கத்துக் கிராமங்களில் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும், மாமியார் வீட்டில் படுத்திருப்பார், கணவர் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை செய்வார். அந்தப் பத்து மணி நேரமும் வீட்டுக்கும் அவர்களுக்கும் இருக்கும் ஒரே தொடர்பு போன்தான். அதை வாங்கி வைக்கிறோம் என்றால் அதற்குப் பதிலாக நம்பிக்கையான ஒரு வழியைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அந்த வழி இல்லாத தடை ஒரு வாரம்தான் ஓடும். அப்புறம் போன் டிபன் பைக்குள் போய்விடும்.

பர்சனல் டிபார்ட்மென்டில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். லைனில் போன் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டில் பெட்டி வைப்பதற்கு முன்னால் டைம் ஆபீசில் வீட்டு அழைப்புக்கென்று ஒரு போன் வைக்க வேண்டும். அந்த வரிசை மாறக்கூடாது.

"இத்தனை வருஷமா போன் வெச்சிருந்தோம். நாளையிலிருந்து கூடாதுன்னு திடீர்னு சொல்ல முடியுமா?"

முடியாது. வழக்கத்தில் இருந்த ஒரு வசதியை எடுப்பதும், புதிதாக ஒரு ஒழுங்கு விதி கொண்டுவருவதும் வேலை நிலைமையில் செய்யும் மாற்றம். 1947-ம் வருடத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி இதற்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். கம்பெனியின் ஸ்டாண்டிங் ஆர்டரில் இந்த விதி ஏற்கெனவே இருந்து, அதற்கு முறைப்படி சான்று வாங்கியிருந்தால் விஷயம் வேறு. பழைய ஸ்டாண்டிங் ஆர்டர்கள் பலவும் செல்போன் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவற்றில் போன் என்ற சொல்லே இருக்காது.

இந்த 21 நாளை வீணாகப் போகும் நாட்களாக நினைக்க வேண்டாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் புது நம்பரைச் சொல்லி முடிக்க அவ்வளவு நாள் தேவைப்படும்.

"எங்க கம்பெனியில ஆபீஸ், கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங்னு எல்லாம் இருக்கு. எல்லாருக்கும் ஒரே விதியா?"

தேவையில்லை. எங்கே போன் ஆபத்து, எங்கே அது வெறும் கவனச்சிதறல் என்று பிரித்துப் பார்த்தாலே விதி பாதி எழுதி முடிந்த மாதிரி.

கிளிக்கிங் பிரஸ்ஸில் டையை வைக்கும் கையும் இறங்கும் பீமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஸ்கைவிங் மெஷினில் தோலின் ஓரத்தைச் சீவும் வட்டக்கத்தி நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு இடத்திலும் பையில் போன் அதிர்ந்து கண் ஒரு நொடி விலகினாலே விரல் போய்விடும். சொல்யூஷன் தடவும் பேஸ்டிங் டேபிளில் தீப்பிடிக்கும் ஆவி இருக்கும். அங்கே போனை விடவும் சார்ஜரை நினைத்துத்தான் எனக்கு அதிகப் பயம். பிளக்கைச் சொருகும்போது வரும் சின்னப் பொறி போதும். ஆகவே இந்தப் பகுதிகளில் போனும் கூடாது, சார்ஜரும் கூடாது. எம்.டி. உள்ளே வந்தாலும் அதுதான் விதி.

ஸ்டிச்சிங்கில் காரணம் வேறு. துணியில் தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை அப்படியே நிற்கும், மறுபடி தைத்தால் அதன் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓட்டை விழும். வாம்ப் மேல் இரண்டு அங்குலம் கோணலாகப் போனாலே அந்த அப்பர் ரிஜெக்ட். டைலர் அக்காக்களிடம் காரணத்தை இப்படிச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவர்களுக்குத் தெரியாத விஷயமா இது? "ஒழுக்கம்" என்று சொன்னால்தான் முகம் மாறும்.

ஆபீஸ், டிஸ்பாட்ச், ஸ்டோர் ஆட்களுக்கு வேலையே போனில் நடக்கிறது. அவர்களிடம் சைலன்டில் வைக்கச் சொல்லலாம், சொந்தப் பேச்சுக்கு வெளியே போகச் சொல்லலாம். அதற்கு மேல் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

"பிள்ளைக்கு ஸ்கூல்ல ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

இந்த விதி நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்விக்குக் கம்பெனி தரும் பதிலில்தான். அதனால் ஒரு அழைப்பு வந்து சேரும் வரை என்ன நடக்க வேண்டும் என்று விவரமாகவே சொல்கிறேன்.

டைம் ஆபீசில் வீட்டு அழைப்புக்கு மட்டும் ஒரு தனி போன் இருக்க வேண்டும். டிஸ்பாட்ச்சுக்கோ லாரி டிரைவருக்கோ அந்த நம்பர் போகக்கூடாது. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைக்கும் அளவில் மூன்று அட்டை கொடுங்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கு, ஒன்று அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு. அட்டையில் அந்த நம்பர், தொழிலாளியின் பெயர், டோக்கன் நம்பர், லைன் நம்பர் இவ்வளவும் இருக்க வேண்டும். டோக்கன் நம்பர் இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே லைனில் மூன்று லட்சுமி இருப்பார்கள். "லட்சுமி பையன் விழுந்துட்டான்" என்று செய்தி வந்தால் மூன்று தாய்மாருக்கும் உயிர் போய்த் திரும்பும்.

இப்போது ஒரு நாள் காலை 11.10-க்குப் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்குக் காய்ச்சல், வாந்தி எடுக்கிறான், யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். டைம் ஆபீசில் இருப்பவர் இரண்டு படி வைத்த சீட்டில் நேரம், கூப்பிட்டவர், டோக்கன், லைன், ஒரு வரிச் செய்தி எழுதுகிறார். ஒரு படி அங்கேயே நிற்கும், மற்றொன்றை எடுத்துக்கொண்டு ஹெல்பர் நேராகத் தொழிலாளியின் மெஷினுக்கே போகிறார். 11.15-க்கு அந்த அம்மா சீட்டைக் கையில் வாங்கி, வாங்கிய நேரத்தை எழுதிக் கையெழுத்து போடுகிறார். மெஷினை நிறுத்திவிட்டு டைம் ஆபீசுக்கு வந்து அந்த போனிலேயே டீச்சரிடம் பேசுகிறார், பிறகு வீட்டுக்குப் பேசுகிறார். மாமனார் போய்க் கூட்டி வருவாரா, தானே போக வேண்டுமா என்பது முடிவாகிவிடும். போக வேண்டும் என்றால் கேட் பாஸ் அங்கேயே போடப்படும். தங்கலாம் என்றால் 11.25-க்கெல்லாம் மெஷினில் உட்கார்ந்துவிடுவார்.

இதில் எங்கே அடிபடும் என்பதையும் சொல்கிறேன். முதலாவது, சீட்டு சூப்பர்வைசர் கையில் தங்குவது. "இந்த மணி நேர டார்கெட் முடியட்டும், அப்புறம் தரலாம்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் தலைமேல் மணிக்கணக்கு டார்கெட் போர்டு தொங்குகிறது. அதனால்தான் சீட்டு தொழிலாளிக்கு நேராகப் போக வேண்டும், சூப்பர்வைசருக்குத் தகவல் மட்டும் போதும். செய்தி அவசரமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த அம்மாதான். இரண்டாவது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைம் ஆபீஸ் காலியாகக் கிடப்பது. பள்ளிக்கூடங்கள் கூப்பிடுவதும் அந்த நேரத்தில்தான், ஆகவே ஆள் மாற்றி உட்கார வேண்டும். மூன்றாவது, நைட் ஷிப்டையும் ஓவர்டைமையும் மறப்பது. ஏழு மணி வரை ஆள் உள்ளே இருந்தால் ஏழு மணி வரை அந்த போனை எடுக்க ஒருவர் இருந்தாக வேண்டும்.

வழி வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க வேறு கருவி வேண்டாம். சீட்டின் இரண்டு நேரத்தையும் மாதக் கடைசியில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்பது ஒரே இடத்தில் இருக்கும் கம்பெனிக்கு நியாயமான அளவு. ஒரு லைனுக்கு மட்டும் அடிக்கடி இருபது நிமிடம் ஆகிறது என்றால் அந்த லைனில் யாரோ சீட்டைப் பிடித்து வைக்கிறார்கள்.

"எல்லாரும் போனைப் பெட்டியில போடறாங்க. ஆனாலும் லைன்ல போன் அடிக்குதே, எப்படி?"

பெட்டியைத் திறந்து பாருங்கள். உடைந்த டிஸ்ப்ளே, பேட்டரி உப்பிப்போன பழைய செட், சிம் இல்லாத பட்டன் போன் எல்லாம் அதில் இருக்கும். நல்ல போன் டிபன் கேரியருக்குக் கீழே இருக்கும்.

இதைக் கண்டதும் பல கம்பெனிகள் செக்யூரிட்டியை விட்டுப் பையைக் குடையச் சொல்கின்றன. அதற்கு முன்னால் சீட்டுப் புத்தகத்தை எடுங்கள். பெட்டியில் பழைய போன் பெருகுகிறது என்றால் பெரும்பாலும் டைம் ஆபீஸ் போனை நம்பி யாரும் இல்லை என்று அர்த்தம். ஒரு தடவை செய்தி வராமல் போனால் போதும், அந்த லைன் முழுக்க மறுநாளே பழைய போனைத் தேடும். அந்த வழியைச் சரிசெய்து, தொழிலாளர் பிரதிநிதிகளையே வெளியிலிருந்து சோதனைக்குக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் போய் லைனில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு நம் நோட்டீசுக்கு இல்லை.

"பெட்டியில வெச்ச போன் காணாமப் போனா யார் பொறுப்பு? 'கம்பெனி பொறுப்பல்ல'ன்னு போர்டு இருக்கே."

போர்டு இருந்தாலும் பொறுப்பு போகாது. பொருளைப் பாதுகாப்பில் வாங்கியவர், சாதாரணமாக ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டம். கட்டாயமாக வைக்கச் சொல்லிவிட்டுத் திறந்த அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால் அந்தக் கவனம் இருந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டோக்கன் நம்பர் போட்ட தனித்தனி அறை, பூட்டு, கேமரா, வாங்கும்போது ஒரு சில்லு, இவ்வளவு இருந்தால் போதும். முதல் நாள் ஒவ்வொரு போனிலும் `*#06#` அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. நம்பரைத் தொழிலாளியே ஒரு தாளில் எழுதித் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். தொலைந்தால் போலீசில் கேட்கும் முதல் விவரம் அதுதான். பெட்டிக்குள் சார்ஜ் போட வசதி செய்ய வேண்டாம். பூட்டிய அறையில் நூறு பேட்டரி ஒன்றாகச் சூடாகும்.

"சாப்பாட்டு நேரத்துல போன் கேட்டா, சாயங்காலம்தான்னு சொல்றாங்க. சரியா?"

சரியில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த நேரம் தொழிலாளியுடையது. நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். முந்நூறு பேர் ஒரே ஜன்னலில் நின்றால் அரை மணி நேரமும் வரிசையிலேயே போய்விடும். அதற்குப் பெட்டியைக் கேட்டிலிருந்து எடுத்து அந்தந்த ஹாலின் வாசலில், லைன் வாரியாக வையுங்கள். பத்து நிமிட டீ நேரத்தில் வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் உண்டு என்று எழுதிவிட்டால் இரு பக்கமும் சண்டை இருக்காது.

"பி.எஃப். ஆபீஸ் வேலைக்கு ஓ.டி.பி. சொல்லுங்கன்னு கம்பெனியே லைனுக்கு வந்து கேட்குது. அப்ப மட்டும் போன் வேணுமா?"

நியாயமான கோபம். பி.எஃப். விவரம் திருத்துவது, ஆதார் இணைப்பது, ஈ.எஸ்.ஐ. கார்டில் குடும்பத்தாரைச் சேர்ப்பது இதற்கெல்லாம் ஓ.டி.பி. தேவை, அது சில நிமிடங்களில் செத்துப்போகும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, லைன் வாரியாகப் பேரைப் போட்டு, போனோடு ஆபீசுக்கு வரச்சொல்லிச் செய்யுங்கள். ஒன்று மட்டும் கவனம். ஓ.டி.பி.யைத் தொழிலாளியே தட்ட வேண்டும். பேங்க்கிலிருந்து வரும் நம்பரையும் "மேடம் கேட்டாங்க" என்று சொல்லிப் பழகிவிட்டால், நாளை மோசடிக்காரன் கேட்டாலும் அதே பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள்.

"சூப்பர்வைசர் மட்டும் நாள் முழுக்க போனும் கையுமா இருக்காரே?"

அவருக்கு வேலை இருக்கிறது, ரிஜெக்ட் பீஸைப் படம் எடுத்து க்யூ.சி.க்கு அனுப்புவார், மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அதற்குக் கம்பெனியே ஒரு செட் வாங்கி லைனுக்கு ஒன்று என்று கொடுப்பதுதான் நல்லது. ஷிப்ட் முடிந்ததும் அது கம்பெனியிலேயே தங்கட்டும். சொந்த போனை அவரும் பெட்டியில் போட வேண்டும், அதைத் தொழிலாளிகள் கண்ணால் பார்க்க வேண்டும். பையரின் புது மாடல் படம் சூப்பர்வைசரின் சொந்த போனில் குடும்பப் படங்களோடு கலந்து கிடப்பது எந்தக் கம்பெனிக்கும் நல்லதில்லை.

"எங்க லைன்ல ஒரு பொண்ணு ரீல் எடுத்து இன்ஸ்டாகிராம்ல போட்டுடுச்சு. பின்னாடி சாம்பிள் ஷூ தெரியுது. எம்.டி. உடனே வேலையை விட்டு எடுக்கச் சொல்றார்."

உடனே எடுத்தால் கம்பெனிதான் மாட்டும். எப்படிச் செய்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பாருங்கள். பையர்கள் சாம்பிளை வெளியே காட்டக்கூடாது என்று ஒப்பந்தம் போடுகிறார்கள், ஏனென்றால் அந்த மாடல் கடைக்கு வர இன்னும் பல மாதம் இருக்கும். ஆனால் ரீலில் தெரிவது ஏற்கெனவே கடையில் விற்கும் மாடலாகவும் இருக்கலாம், வெறும் லைனிங் துண்டாகவும் இருக்கலாம். ஆர்ட்டிகிள் நம்பர் ஒட்டிய லேபிள், பையர் பெயர் போட்ட பெட்டி, சாம்பிள் ரூம் போர்டு இதில் எது இருக்கிறது? மெர்ச்சன்டைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். எம்.டி.யின் கோபத்தில் பாதி இந்த இடத்திலேயே தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்தப் பதிவின் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள், கூட இன்னொரு பெண் இருக்கட்டும். வரிசை மாறினால் சாட்சி போய்விடும். போனைப் பிடுங்க வேண்டாம், கேலரியைத் திறக்க வேண்டாம், பாஸ்வேர்டு கேட்க வேண்டாம். அவரே நீக்கிவிட்டு அவரே காட்டினால் போதும்.

பிறகு ஷோ காஸ் நோட்டீஸ். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த லைனில், எந்த விதியை மீறி, என்ன செய்தார் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள், பதில் சொல்ல நாள் கொடுங்கள். "நன்னடத்தைக்கு மாறாக நடந்தீர்" என்று மொட்டையாக எழுதிய மெமோ எந்த விசாரணையிலும் நிற்காது. பதிலில் திருப்தி இல்லாமல், பெரிய தண்டனை யோசனையில் இருந்தால் உள்விசாரணை வைக்க வேண்டும். புகார் செய்தவரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது, உடன் வேலை செய்யும் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ள அந்தப் பெண்ணை விட வேண்டும், கம்பெனி சாட்சிகளை அவர் கேள்வி கேட்க விட வேண்டும்.

தண்டனை எவ்வளவு? முதல் தடவை, லாபம் பார்க்கும் எண்ணம் இல்லை, கேட்டதும் நீக்கிவிட்டார் என்றால் எழுத்து மூலமான எச்சரிக்கை போதும் என்பது என் கருத்து. தவறுக்குப் பொருந்தாத பணிநீக்கத்தை மாற்றிக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது, புதிய தொகுப்பிலும் தீர்ப்பாயத்துக்கு அது உண்டு. பத்து வருடம் நன்றாகத் தைத்த ஒருவரை ஒரு ரீலுக்காக அனுப்பினால், திரும்ப எடுக்கச் சொல்லி ஆணை வர வாய்ப்பு அதிகம். ஆனால் சாம்பிளைத் தனியாக எடுத்து, திருப்பித் திருப்பிப் படம் பிடித்து, போட்டிக் கம்பெனி ஆளுக்கு அனுப்பியது நிரூபணமானால் அது வேறு வழக்கு. அதில் நான் கடுமையின் பக்கம்தான்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கம்பெனி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சாம்பிள் எப்படி லைனில் திறந்து கிடந்தது?

"போன் பேசினா அரை நாள் சம்பளம் பிடிக்கிறாங்க. பிடிக்கலாமா?"

கூடாது. வேலையில் இல்லாத நேரத்துக்குப் பிடிக்கலாம் என்றால், எவ்வளவு நேரம் இல்லையோ அந்த அளவுக்குத்தான். ஐந்து நிமிடம் பேசியதற்கு அரை நாள் என்பது கணக்கே இல்லை.

அபராதம் என்று போட்டாலும் கட்டுப்பாடு இருக்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசு அதிகாரியிடம் முன்னாலேயே ஒப்புதல் வாங்கி நோட்டீசில் போட்டிருக்க வேண்டும், தொழிலாளி தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதமும் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாதம் ரூ.12,500 வாங்குபவருக்கு எத்தனை தடவை மீறினாலும் அந்த மாதம் ரூ.375 தான் உச்சம். தவணையில் பிடிக்கக் கூடாது, 90 நாள் தாண்டினால் பிடிக்கவே கூடாது. அந்தப் பணமும் கம்பெனி வரவில் சேராது, பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். 1936-ம் வருடத்து ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த விதிகள் இவை, இப்போதைய ஊதியத் தொகுப்பிலும் இருக்கின்றன. இவ்வளவு வேலை செய்து ரூ.375 வாங்குவதை விட, அபராதமே வேண்டாம், எச்சரிக்கை மட்டும் என்று வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

"சூப்பர்வைசர் ராத்திரி பத்து மணிக்கு எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பறார். வேலை விஷயம்னுதான் ஆரம்பிப்பார்."

அம்மா, எதையும் அழிக்காதீர்கள். அதுதான் முதல் வேலை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் உள்புகார் குழு இருக்க வேண்டும் என்பது வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் வருடத்துச் சட்டம், அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருப்பார். நடந்த மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுதிக் கொடுக்கலாம். மெசேஜ் வேலை நேரத்துக்கு வெளியே வந்தது என்பதால் அது சொந்த விஷயம் ஆகிவிடாது. எழுதத் தயக்கமாக இருந்தால் குழு உறுப்பினரே எழுத உதவ வேண்டும். உங்கள் பெயரும் புகாரும் வெளியே போகக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

கம்பெனிக்கு: போன் விதி எழுதும்போதே இதையும் எழுதுங்கள். சூப்பர்வைசர் தன் லைன் பெண்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, ஷிப்ட் மாற்றம், பஸ் நேரம் எல்லாம் லைன் குரூப்பில்தான், அதில் ஹெச்.ஆர். பெண் ஒருவர் இருக்க வேண்டும், இரவு எட்டுக்கு மேல் பஸ் தகவல் தவிர எதுவும் கூடாது. தொழிலாளியின் போனை மட்டும் பார்க்கிற விதி எனக்கு ஒருபக்கமாகத் தெரிகிறது.

"எங்களுக்குள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சு சம்பளம், போனஸ் பத்திப் பேசறோம். அதுக்கும் நடவடிக்கை எடுப்பாங்களா?"

சம்பளம் குறைவு, போனஸ் தாமதம், கழிப்பறை சரியில்லை என்று உங்களுக்குள் பேசுவதும் சங்கத்தில் பேசுவதும் உங்கள் உரிமை, அதை "சோஷியல் மீடியா விதிமீறல்" என்று திருப்பக் கூடாது. பொய் என்று தெரிந்தே ஒருவரைப் பற்றிப் பரப்புவது, ஒரு பெண்ணின் படத்தை அவருக்குத் தெரியாமல் போடுவது, பையர் மாடலைக் காட்டுவது இந்த மூன்றும் வேறு. விதியில் இந்த எல்லையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "கம்பெனிக்குக் கெட்டபெயர் தரும் எதுவும்" என்று எழுதினால் எதை வேண்டுமானாலும் அதில் அடைக்கலாம், அதனாலேயே அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

"நோட்டீஸ் வாசகம் ஒண்ணு கொடுங்களேன்."

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள், ஷிப்ட் தொடங்கும்போது வாய்விட்டும் படியுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"கட்டிங், ஸ்கைவிங், பேஸ்டிங், ஸ்டிச்சிங், சாம்பிள் பகுதிகளில் வேலை நேரத்தில் யாரிடமும் சொந்த போன் இருக்கக் கூடாது. சூப்பர்வைசர், மேனேஜர், வெளியிலிருந்து வருபவர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஹால் வாசலில் உங்கள் டோக்கன் நம்பர் போட்ட பெட்டியில் வைத்துச் சில்லு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ அழைப்பு வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் சீட்டு உங்கள் கைக்கு வரும், மெஷினை நிறுத்திவிட்டு டைம் ஆபீசில் பேசலாம், அதற்குச் சம்பளம் பிடிக்கப்படாது. சீட்டு தாமதமாக வந்தால் ஹெச்.ஆர்.-இடம் சொல்லுங்கள். உள்ளே படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது, மற்றவர் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. மீறினால் முதலில் வாய்மொழி எச்சரிக்கை, அடுத்து எழுத்து மூலம், அதற்கும் மேல் போனால் விளக்கம் கேட்டு விசாரணை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமலோ பிரசவ நேரமோ என்றால் காலையிலேயே டைம் ஆபீசில் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு உங்கள் போனை டைம் ஆபீசிலேயே ஆன் செய்து வைத்து, அழைப்பு வந்தால் உங்களைக் கூப்பிடுவோம்."

இதில் கடைசி இரண்டு வரியைச் சில கம்பெனிகள் வெட்டச் சொல்வார்கள், எல்லாரும் கேட்பார்கள் என்று பயந்து. அப்படி யாரும் கேட்பதில்லை. வெட்ட வேண்டாம்.